சிங்கப்பூர்க் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும்: பழைய மரணக் குறிப்புகளின் நேரத்தை அறிவது எப்படி?

சிங்கப்பூருக்கும் நம் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது நம் குடும்பங்களில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அங்கே மஃரிப் பாங்கு கேட்கும்போது இங்கே அஸர் நேரம் என்று தொலைபேசியில் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தக் கணக்கு 1982 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் நிலையாக இருந்து வருகிறது. அதற்கு முந்தைய காலத்துப் பிறப்பு, இறப்புக் குறிப்புகளை இதே கணக்கால் மாற்றினால் நேரம் பிழையாகலாம். சில சமயம் நாளே பிழையாகலாம். வாரிசுரிமை விஷயத்தில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே மாறிவிடலாம்.

சிங்கப்பூரின் கடிகாரம் இருபதாம் நூற்றாண்டில் பலமுறை நகர்த்தப்பட்டது. 1905 ஜூன் முதல் அது கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னே ஓடியது. 1933இல் பகல் வெளிச்சத்தை மாலையில் சற்றுக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்று 20 நிமிடம் சேர்த்தார்கள். அரை மணியும் இல்லாமல் கால் மணியும் இல்லாமல் இருபது நிமிடம் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அது சட்டம். 1941 செப்டம்பரில் அது ஏழரை மணி ஆயிற்று. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றியதும் தோக்கியோவின் நேரத்தையே அங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அது கிரீன்விச்சைவிட 9 மணி முன்னே. ஒரே இரவில் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் தாவியது. 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தபின் ஏழரை மணி திரும்பியது.

இந்தப் பக்கத்திலும் கடிகாரம் சும்மா இருக்கவில்லை. 1906 ஜனவரி முதல் இந்தியாவின் பொது நேரம் ஐந்தரை மணி என்றாலும், போர்க்காலத்தில், அதாவது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, அதில் ஒரு மணி கூட்டப்பட்டு ஆறரை ஆனது. இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை வித்தியாசம் மூன்றரை மணி. செப்டம்பரிலிருந்து இரண்டரை மணி. இன்றைய கணக்கோடு அது ஒத்துப்போவது தற்செயலே. சரணடைவுக்குப் பின் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை வெறும் ஒரு மணி. அதன்பின் 1981 முடிய இரண்டு மணி.

அந்த ஒரு மணி வித்தியாச நாட்களில் என்ன நேரும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பெயர்கள் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். கடையநல்லூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவர் ஊரில், தம் மனைவி, ஆண்பிள்ளைகளோடு இருக்கிறார். 1945 செப்டம்பர் 20 அன்று தகப்பனார் சிங்கப்பூரில் மாலை 4.15க்கு வஃபாத்தானார் என்று ஒரு குறிப்பு. அதே நாள் பகல் 2.30க்கு மூத்த மகன் ஊரில் வஃபாத்தானார் என்று மற்றொரு குறிப்பு.

இன்றைய கணக்குப்படி சிங்கப்பூரின் 4.15 என்பது ஊரில் 1.45. எனவே தகப்பனார் முக்கால் மணி நேரம் முன்பே இறந்தார், மகன் அவருக்கு வாரிசானார், அந்தப் பங்கு மகனின் பிள்ளைகளுக்கு இறங்கும் என்று எழுதிவிடுவோம். அன்றைய வித்தியாசமோ ஒரு மணிதான். சிங்கப்பூரின் 4.15 என்பது ஊரில் 3.15. அதாவது மகன்தான் முக்கால் மணி நேரம் முன்பு இறந்தார். இப்போது பாகப்பிரிவினை தலைகீழாகிறது. மகனின் சொத்தில் ஆறில் ஒரு பங்கு தகப்பனாருக்குப் போகிறது. தகப்பனாரின் சொத்தில், இளைய மகன் உயிரோடு இருப்பதால், மூத்தவரின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. வஸிய்யத் செய்திருந்தால் அது வேறு விஷயம். யார் முந்தினார் என்றே தெரியாத நிலையில் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் உள்ள சட்டம். ஆகவே நேரம் உறுதியாகவில்லை என்றால் ஊகித்து ஒரு வரிசையை எழுதுவதைவிட, தெரியவில்லை என்று எழுதுவதே நேர்மை.

ஒரு குறிப்பு எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று எப்படி அறிவது? தொழுகை நேரம் இதற்கு நல்ல சாட்சி. கடிகாரத்தை அரசாங்கம் நகர்த்தலாம். சூரியனை நகர்த்த முடியாது. சிங்கப்பூரில் சூரியன் உச்சி சாய்வது இன்று ஏறத்தாழ பகல் 1.05 மணிக்கு, ஆண்டின் பருவத்தைப் பொறுத்துக் கால் மணி வரை முன்பின் ஆகும். 1945க்கும் 1981க்கும் இடையே அது 12.35ஐ ஒட்டி இருந்தது. தோக்கியோ நேரத்தில் 2 மணியைத் தாண்டியது. ஆகவே பழைய நோட்டுப்புத்தகத்தில் "லுஹர் பாங்கு, மணி 2.10" என்று கண்டால் அது எழுத்துப்பிழை அல்ல, ஆக்கிரமிப்புக் காலத்துக் கடிகாரம். ஊர்க் குறிப்புக்கும் இதே சோதனை பொருந்தும். செப்டம்பர் 20இல் கடையநல்லூரில் உச்சி சாய்வது இந்தியப் பொது நேரப்படி சுமார் 12.14, போர்க்கால நேரப்படி 1.14. வீட்டுப் பெரியவர் பழைய நேரப்படி எழுதினாரா, அலுவலகக் கடிகாரப்படி எழுதினாரா என்பது இந்த ஒரு மணியில் வெளிப்பட்டுவிடும்.

மஃரிபை ஒட்டிய நேரமானால் இன்னும் கவனம் தேவை; நமக்கு நாள் மாறுவது அங்கேதான். 1944 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, மாலை 7.30க்குச் சிங்கப்பூரில் ஒரு மரணம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் அங்கே இன்று மஃரிப் 7.20ஐ ஒட்டி வருவதால், மரணம் மஃரிபுக்குப் பின், சனி இரவு சேர்ந்துவிட்டது, ஹிஜ்ரி தேதியும் அடுத்த நாள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தோக்கியோ நேரப்படி அன்று மஃரிப் 8.20 அளவில். மையித்து வெள்ளிக்கிழமை பகலுக்கே உரியது. "ஜும்ஆ நாளில் மவுத்தானவர்" என்று குடும்பம் சொல்லிவந்ததே சரி.

அக்காலத் தாள்களில் ஆண்டே வேறாகவும் இருக்கும். 2602, 2603 என்று கண்டால் அது ஜப்பானியரின் பேரரசு ஆண்டு; 660ஐக் கழித்தால் 1942, 1943 வரும். ஷோவா 19 என்றிருந்தால் 1925ஐக் கூட்ட வேண்டும், 1944 கிடைக்கும். மாதமும் தேதியும் ஆங்கில நாட்காட்டியின்படியே இருக்கும்.

கணினி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இரண்டு வரி கொடுக்கலாம். லினக்ஸ் கணினியில் இவை இரண்டு மரணங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றித் தரும்:

```
date -u -d 'TZ="Asia/Singapore" 1945-09-20 16:15'
date -u -d 'TZ="Asia/Kolkata" 1945-09-20 14:30'
```

முதலாவது 08:45 என்றும் இரண்டாவது 08:00 என்றும் வரும். அந்த நேரப் பட்டியல் 1970க்குப் பிந்திய காலத்தை முதன்மையாகக் கருதித் தொகுக்கப்பட்டது. இந்தியா முழுமைக்கும் ஒரே வரிசைதான் அதில் உண்டு. எனவே கடிகாரம் மாறிய நாளை ஒட்டிய குறிப்புகளை, குறிப்பாக 1945 செப்டம்பரின் முதல் இரு வாரங்களை, தொழுகை நேரத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

கடைசி மாற்றம் 1981 டிசம்பர் 31 இரவு நடந்தது. மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தில் இணைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்து நகர்ந்தது. இரவு 11.30 ஆனதும் முள் 12க்குத் தள்ளப்பட்டது. அன்றிரவு 11.45க்குச் சிங்கப்பூரில் பிறந்ததாக ஒரு குறிப்பு சொன்னால், எழுதியவர் கடிகாரத்தை இன்னும் திருத்தவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளையின் பிறந்த நாள் புதிய நேரப்படி 1982 ஜனவரி 1, நள்ளிரவு கடந்து 15 நிமிடம்.