கடன் வாங்கிய தைவதம்

ஒரு காதல் பாட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென ஒரே ஒரு கணம் தொண்டை அடைக்கும். மெட்டு பெரிதாக மாறியிருக்காது. பெரும்பாலும் அடியில் ஒலிக்கும் கார்டில் ஒரு சுரம்தான் இறங்கியிருக்கும்.

சங்கராபரணத்தில் ம-த-ச மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்ட். அதில் தைவதத்தை மட்டும் அரைப்படி இறக்கினால் மைனர். இந்தச் சின்னத் தைவதம் சங்கராபரணத்தின் சொத்தல்ல. அதே ஷட்ஜத்தில் நிற்கும் நடபைரவியிலிருந்து, அதாவது மேற்கத்தியர் சொல்லும் மைனரிலிருந்து, வந்த கைமாற்று. பெரிய த, சின்ன த, பிறகு ச-க-ப கார்டின் பஞ்சமம் என்று அரைப்படி அரைப்படியாக நழுவி இறங்குவதில்தான் அந்த ஏக்கம் பிறக்கிறது.

1840. காதலி கிளாராவை, அவருடைய தந்தையோடு நீதிமன்றம் வரை போராடி மணந்த ஆண்டில், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். கவிஞர் ஹைனேயின் கவிதைக்கு அவர் அமைத்த ‘இஷ் க்ரோல்லே நிஷ்ட்’ பாடலில், எனக்குக் கோபமில்லை என்கிறான் காதலன். இசை மேஜரில் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் ‘இதயம்’ என்ற சொல் வரும்போது பியானோவில் சின்னத் தைவதம் எட்டிப் பார்க்கிறது. வாய் மறைத்ததைக் கார்ட் சொல்லிவிடுகிறது.

நூறாண்டு கழித்து இந்த உத்தி அமெரிக்க நாடக மேடையில் இருந்தது. 1944இல் கோல் போர்ட்டர், ஒவ்வொரு பிரிவிலும் மேஜர் மைனராகிற விந்தையை ஒரு பாட்டின் வரியிலேயே எழுதினார். அந்தச் சொற்கள் வரும் இடத்தில் கார்டும் அப்படியே மாறுகிறது. கைவித்தைக்காரர் சூட்சுமத்தை மேடையிலேயே காட்டியும் கண் கலங்குகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். இதில் தவறவும் இடமுண்டு. கார்ட் மைனராகும் நேரத்தில் பாடகர் பெரிய தைவதத்தையே பிடித்து நின்றால், இரண்டு தைவதமும் மோதிக் கரகரக்கும். கேட்பவருக்கு ஏக்கம் வராது, அபசுரம்தான் கேட்கும்.

அடுத்த வாரிசுகள் ஆல்பர்ட் ஹேமண்டும் மைக் ஹேஸல்வுட்டும். அவர்கள் எழுதி, ஹாலிஸ் குழு 1974இல் பாடிய ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ ஒரு நிறைவான காதலின் பாட்டு. அதில் ச மேஜர், க மேஜர், ம மேஜர், ம மைனர் என நான்கு கார்டுகள். உள்ளே கவனித்தால் ப, சின்ன த, பெரிய த என்று ஏறி, மறுபடி சின்ன த வழியே ப-வுக்கு இறங்கும் ஒரு குரல் ஒளிந்திருக்கிறது.

1992இல் ரேடியோஹெட் அதே நான்கையும் ‘க்ரீப்’ முழுக்கச் சுழலவிட்டது. இங்கே பாடுபவன் தன்னையே வெறுக்கிற ஒருதலைக் காதலன். நிறைவுக்கும் வெறுப்புக்கும் ஒரே கார்ட் பொருந்தியது என்றால், அதற்குத் தனியாக ஒரு சோகம் கிடையாது, சொற்களின் நிறத்தை அது ஆழமாக்குகிறது என்றே நினைக்கிறேன். கார்டோடு மெட்டும் ஒத்துப்போனதால் ஹேமண்டும் ஹேஸல்வுட்டும் ‘க்ரீப்’பின் இணை ஆசிரியர்களானார்கள்.

2018 ஜனவரியில், தன் ‘கெட் ஃப்ரீ’ பாட்டு ‘க்ரீப்’பைப் போலிருப்பதாக வழக்கு வந்திருக்கிறது என்றார் பாடகி லானா டெல் ரே. வழக்கெல்லாம் இல்லை, பெயர் கேட்டுப் பேச்சு நடக்கிறது என்றது ரேடியோஹெட்டின் பாடல்களை வெளியிடும் நிறுவனம்.