சிறுநீர் கலங்கலா, நாத்தமா போகுதா? தண்ணீர் பத்தலையா, இன்ஃபெக்‌ஷனா?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பாத்ரூம் போக மாடி ஏறணும், அதனால் மதியம் வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார். சாயங்காலம் சிறுநீர் அடர்மஞ்சளாக, நெடியோடு போகிறது. 'கிருமித் தொற்றோ?' என்று பயம்.

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் குறைந்தால் கழிவுகள் செறிவாகி நிறமும் நெடியும் கூடும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் பளீர் மஞ்சளாகப் போகும். சோதித்துப் பார்க்க எளிய வழி: அடுத்த மூணு, நாலு மணி நேரத்தில் நாலைந்து டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். (தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் இதைச் செய்ய வேண்டாம்.) நிறம் வெளுத்து நெடியும் போய்விட்டால் விஷயம் முடிந்தது.

அதே பெண்ணுக்கு மறுநாள் தண்ணீர் குடித்தும் கலங்கல் தெளியவில்லை. கூடவே எரிச்சல். அடக்க முடியாத அவசரத்தில் ஓடினால் நாலு சொட்டுதான் வருகிறது, அடிவயிற்றில் வலி வேறு. இப்போதுதான் இன்ஃபெக்‌ஷன் என்று சந்தேகப்படணும். முடிவு சொல்வது இந்தத் தொந்தரவுகள்தான். வெறும் நாத்தத்தையும் கலங்கலையும் மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வெள்ளைப்படுதல் கலந்தாலும் சிறுநீர் கலங்கலாகத்தான் தெரியும்.

டாக்டர் யூரின் டெஸ்ட் எழுதினால் சாம்பிள் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். அந்தரங்க உறுப்பைத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை வெளியே விட்டு, நடுவில் வருவதை லேப் தரும் டப்பாவில் பிடிக்கணும். வீட்டு ஊறுகாய் பாட்டில் எல்லாம் வேண்டாமே! ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். வெளியே நேரம் ஆக ஆகக் கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' அதிகம் என்றால் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைச் சொல்வது கல்ச்சர் டெஸ்ட். அதற்கு ரெண்டு, மூணு நாளாகும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை முன்னாடியே போட்டுவிட்டால் கல்ச்சரில் கிருமி சிக்காமலே போகலாம்.

வீட்டில் வயசான பெரியவருக்குச் சிறுநீர் நாறுகிறது, ஆனால் வேறு தொந்தரவு இல்லை என்றால், கல்ச்சரில் கிருமி வந்தாலும் பொதுவாக மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிக்கு அப்படி இல்லை. எரிச்சலே இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் சிகிச்சை எடுத்தே ஆகணும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம் வலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது பார்லித் தண்ணியையும் இளநீரையும் நம்பி உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் எரிச்சல் வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.