முன்னொட்டும் இணைப்புக்கோடும்: cooperate என்ற சொல்லின் எழுத்து வரலாறு

ஆங்கிலத்தில் co, re, pre போன்ற முன்னொட்டுகள் உயிரெழுத்தில் முடிகின்றன. அவற்றை அடுத்து வரும் சொல்லும் உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டு உயிர்கள் அருகருகே நிற்கும். அப்போது நடுவில் இணைப்புக்கோடு இட வேண்டுமா, வேண்டாமா என்பது அச்சுத்துறையில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. ஒத்துழைத்தல் என்னும் பொருளுடைய சொல்லை co-operate, coöperate, cooperate என்று மூன்று விதமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றுமே அந்தந்தக் காலத்தில், அந்தந்த இடத்தில் சரியான வடிவங்களாகவே கொள்ளப்பட்டன.

சிக்கலின் வேர்

இச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. சேர்ந்து என்னும் பொருள் தரும் com என்ற முன்னொட்டு, உயிரெழுத்துக்கு முன் பெரும்பாலும் மகரத்தை இழந்து co என நிற்கும். வேலை செய்தலைக் குறிக்கும் operari என்ற வினையுடன் அது சேர்ந்தபோது இரண்டு o அடுத்தடுத்து வந்தன. இலத்தீனில் இதனால் தொல்லை ஏதும் இல்லை. இரண்டு எழுத்தையும் தனித்தனியே ஒலித்தார்கள். அதன் வழிவந்த இத்தாலியமும் பிரெஞ்சும் இன்றும் கோடு இல்லாமலேயே இச்சொல்லை எழுதுகின்றன. அங்கே யாரும் தடுமாறுவதில்லை.

ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் ஏற்பட ஒரு காரணம் உண்டு. அம்மொழியில் oo என்ற இரட்டை எழுத்து பெரும்பாலும் ‘ஊ’ என்ற ஒரே ஒலியைக் குறிக்கும். Ee என்பது ‘ஈ’ என்ற ஒலியைக் குறிக்கும். ஆகவே cooperate என்பதைக் காணும் கண், முதலில் coop என்ற துண்டைப் பிரித்தெடுக்கிறது. அது கோழிக்கூண்டைக் குறிக்கும் சொல். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்தால் cooper, அதாவது மரப்பீப்பாய் செய்பவர். அதற்குப் பிறகுதான் சொல்லின் மெய்யான பிரிவு புலப்படும். reenter என்பதிலும் ‘ரீன்’ என்று தொடங்கிவிட்டுப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. இடறல் நொடிப்பொழுதுதான். ஆனால் அச்சுப்பிழை திருத்துபவர்களின் தொழிலே அந்த நொடியைக் காப்பதுதானே.

தமிழ் படிப்பவருக்கு இச்சிக்கல் புதுமையாகத் தோன்றலாம். தமிழில் நிலைமொழி ஈற்றில் உயிரும் வருமொழி முதலில் உயிரும் சந்தித்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக இடையில் தோன்றும். நன்னூல் இதற்கு விதி வகுத்திருக்கிறது. ஆங்கிலப் பேச்சிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. o-வுக்குப் பின் மெல்லிய வகரச் சாயலும், e-க்குப் பின் யகரச் சாயலும் ஒலிக்கின்றன. தமிழ்நாட்டில் மக்கள் வாயில் ‘கோவாப்பரேட்டிவ்’ என்று வழங்குவது இதே புணர்ச்சியால்தான். ஆங்கிலம் அந்த ஒலியை எழுத்தில் காட்டுவதில்லை. காதில் தீர்ந்துபோன சிக்கலைக் கண்ணுக்காகத் தீர்க்க வேறொரு குறி தேவைப்பட்டது.

கோடும் புள்ளியும்

ஹைஃபன் என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஒன்றின் கீழ்’ அல்லது ‘ஒன்றாக’ என்பது அதன் பொருள். பழைய கிரேக்கக் கையெழுத்துகளில், ஒரே சொல்லாகப் படிக்க வேண்டிய இரண்டு சொற்களின் அடியில் ஒரு வளைகோடு இடப்பட்டது. அதற்குரிய பெயரே இது. சேர்ப்பதற்காகப் பிறந்த குறி, இந்த வழக்கில் பிரிப்பதற்குப் பயன்படுகிறது என்பது ஒரு வேடிக்கை. co-operate என எழுதும்போது கோட்டின் வேலை இரண்டு o-க்களை ஒட்டவிடாமல் தடுப்பது.

இரண்டாவது வழி, டயரிசிஸ் எனப்படும் இரட்டைப்புள்ளி. இதுவும் கிரேக்கப் பெயரே. பிரித்தல் என்பது பொருள். இரண்டாம் உயிரின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால், அது முந்திய உயிருடன் சேராமல் தனி அசையாக ஒலிக்க வேண்டும் என்று அர்த்தம். coöperate, reënter என்பவை இப்படி அமைந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நூல்களில் இவ்வடிவம் பரவலாக இருந்தது. உருவத்தில் இது ஜெர்மன் மொழியின் உம்லாட் குறியைப் போலவே இருக்கும். ஆனால் உம்லாட் உயிரின் ஒலியையே மாற்றுவது. டயரிசிஸ் ஒலியை மாற்றாமல் அசையை மட்டும் பிரிப்பது.

புள்ளி வைத்த வடிவம் மறைந்ததற்கு இலக்கணத்தைவிடக் கருவிகளே அதிகக் காரணம் எனலாம். ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளில் இதற்கெனத் தனி விசை பொதுவாக இல்லை. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி கணினிக் குறிமுறையிலும் ö என்ற எழுத்துக்கு இடமில்லை. கோடு மட்டும் எல்லாப் பொறியிலும் இருந்தது.

நியூயார்க்கர் இதழின் பிடிவாதம்

1925-இல் தொடங்கப்பட்ட ‘தி நியூயார்க்கர்’ வார இதழ் மட்டும் இரட்டைப்புள்ளியை இன்றுவரை விடவில்லை. அவ்விதழில் நெடுங்காலம் படி திருத்துநராக இருந்த மேரி நாரிஸ் 2012-இல் இதைப் பற்றி எழுதினார். கோடு போட்ட வடிவம் அவ்விதழின் ஆசிரியர்களுக்கு அழகற்றதாகப் பட்டது. குறியே இல்லாத வடிவமோ தவறாகப் படிக்க இடம் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த வழி இரட்டைப்புள்ளி.

அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இவ்வழக்கின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. லூ பர்க் என்ற படி திருத்துநர், நடை விதிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹோபி வீக்ஸை இப்புள்ளிகளைக் கைவிடும்படி நச்சரித்து வந்தார். ஒருநாள் மின்தூக்கியில் சந்தித்தபோது, தாம் அதை மாற்றவிருப்பதாகவும் விரைவில் சுற்றறிக்கை அனுப்பப்போவதாகவும் வீக்ஸ் கூறினார். சுற்றறிக்கை வருமுன்பே அவர் இறந்துவிட்டார். அது 1978. அதற்குப் பிறகு அங்கே யாரும் அப்பேச்சை எடுக்கத் துணியவில்லை என்கிறார் நாரிஸ்.

விதியை மீறிய சொற்கள்

அமெரிக்கச் செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைநூலின் பழைய விதி எளிமையானது. முன்னொட்டின் ஈற்றுயிரும் அடுத்த சொல்லின் முதலுயிரும் ஒரே எழுத்தானால் கோடு இட வேண்டும். வேறு எழுத்தானால் வேண்டாம். இதன்படி re-enter, re-elect, pre-empt என்பவற்றில் கோடு உண்டு. Reopen என்பதில் இல்லை. ஆனால் விதியை நேரே பொருத்தினால் கோடு பெற வேண்டிய cooperate, coordinate ஆகிய இரண்டுமே விலக்காகக் கோடின்றி நின்றன.

விலக்குக்குக் காரணம் பழக்கம். இவ்விரு சொற்களும் மிக அதிகமாக வழங்குபவை. படிப்பவர் அவற்றைத் துண்டு துண்டாகக் கூட்டிப் படிப்பதில்லை. முழு உருவமாகவே அடையாளம் காண்கிறார். reenter போன்றவற்றில் மீண்டும் என்ற பொருளும் நுழைதல் என்ற பொருளும் தனித்தனியே தெரிவதால், கோடு இயல்பாகத் தோன்றியது. 2019-இல் அந்நடைநூல் re, pre முன்னொட்டுகளுக்குப் பின் e வரும்போதும் கோடு வேண்டாம் என்று மாற்றியது. அதன் பின் reelect, preempt என்பவை செய்திகளில் இடம்பெற்றன. சிகாகோ நடைநூல் இதற்கு முன்பே அவ்வழியில் இருந்தது. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளோ பாதிவழியில் நிற்கின்றன. cooperate சேர்ந்தே வருகிறது. Re-enter கோட்டுடன் வருகிறது.

எல்லோரும் கோட்டைக் காப்பாற்றும் இடங்களும் உண்டு. ஒத்துழைப்புச் சங்கத்தின் சுருக்கமான co-op என்பதில் கோட்டை எடுத்தால் மிஞ்சுவது கோழிக்கூண்டு. உள்ளே சேர்த்துக்கொள்ளுதலைக் குறிக்கும் co-opt என்பதும் அப்படியே. சொல் குறுகக் குறுகப் பிழையாகப் படிக்கும் ஆபத்து கூடுகிறது. பனியை அகற்றுதலைக் குறிக்கும் de-ice என்பதில் இரு உயிர்களும் வேறுவேறு எழுத்துகள். விதிப்படி கோடு தேவையில்லை. ஆனால் deice என்று எழுதினால் ‘டைஸ்’ என்றோ ‘டீஸ்’ என்றோ வாசிக்க நேரும் என்பதால் கோடு நிலைத்திருக்கிறது. கூட்டுறவு அமைப்புகளுக்கென 2000-இல் ஒப்புதல் பெற்ற .coop என்ற இணைய முகவரி ஈற்றில், இயலாமையால், கோழிக்கூண்டு அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவது முன்னொட்டு வரும்போது

கோட்டு வடிவத்தின் பெரிய குறை, அதன் முன் இன்னொரு முன்னொட்டு சேரும்போது வெளிப்படுகிறது. ஒத்துழைக்காத என்னும் பொருளில் un சேர்த்தால் பழைய பிரிட்டிஷ் அச்சில் unco-operative என்று ஆகும். கோடு இப்போது co-வை அதற்குரிய சொல்லிலிருந்து பிரித்து, un-உடன் ஒட்ட வைத்துவிடுகிறது. unco என்பது ஸ்காட்லாந்து வழக்கில் விசித்திரமான என்ற பொருளுடைய தனிச்சொல் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. un-co-operative என்று இரு கோடு இட்டாலும் கண்ணுக்கு இதமில்லை. கோடே இல்லாத uncooperative வென்றதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இதே நெருக்கடி இந்திய வரலாற்றின் ஒரு பெரிய சொல்லில் நேர்ந்தது. 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றது. அக்கால அச்சில் அவ்வியக்கத்தின் ஆங்கிலப் பெயர் Non-co-operation என்று இரண்டு கோடுகளுடன் வந்தது. பிற்காலப் பாடநூல்களில் Non-Cooperation என்று ஒரு கோடு குறைந்துவிட்டது. பழைய ஆவணங்களைத் தேடும் மாணவர் இரண்டு எழுத்தையும் இட்டுத் தேடுவது நல்லது. கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம்.

சட்டநூல்கள் அவ்வளவு எளிதில் கோட்டைக் கைவிடவில்லை. 1904, 1912 ஆண்டுகளின் கூட்டுறவுச் சட்டங்களில் Co-operative என்றே உள்ளது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இலும், அரசமைப்பின் 97-ஆவது திருத்தத்திலும் அதே கோடு தொடர்கிறது. 2021-இல் மத்திய அரசு உருவாக்கிய கூட்டுறவு அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரோ Ministry of Cooperation. சட்டத்தை மேற்கோள் காட்டுபவர் கோட்டுடனும், அதைச் செயல்படுத்தும் அமைச்சகத்தின் பெயரைக் கோடின்றியும் எழுத வேண்டும். ஒரே பத்தியில் இரு வடிவமும் வந்தால் அது பிழையன்று.

1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனத்தின் பெயர் Co-optex. இங்கே கோடு ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்று தமிழிலும் அதே கோடு வந்து சேர்ந்தது. தமிழெழுத்தில் ‘கோ’வும் ‘ஆ’வும் ஒருபோதும் ஒன்றாகக் கலந்து வேறு ஒலி தராது என்பதால் அந்தக் கோட்டுக்கு இங்கே வேலை இல்லை. கடைக்குப் போகிறவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ‘கோவாப்டெக்ஸ்’ என்று வகரம் சேர்த்தே சொல்கிறார்கள்.