எத்துப்பல்லும் இரண்டாம் வகுப்பும்

மேல் முன்பல் தூக்கலாக இருந்தால் எத்துப்பல். கோரைப்பல் இடம் கிடைக்காமல் வரிசைக்கு வெளியே ஏறி முளைத்தால் தெத்துப்பல். முன்னதைக் கேலி செய்வோம். பின்னதைச் சிரிப்புக்கு அழகு என்போம். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு பல் கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்து வரும் தாய், "டாக்டர், இவனுக்கு எத்துப்பல், கம்பி போடணுமா?" என்றுதான் கேட்பார். மலாய்க்காரத் தாய் அதையே ‘கிகி ஜோங்காங்’ என்பார். இந்தச் சொற்களெல்லாம் முன்பல்லைப் பார்த்துப் பிறந்தவை. டாக்டர் அட்டையில் எழுதுவதோ ‘ஆங்கிள் இரண்டாம் வகுப்பு, பிரிவு ஒன்று’. முதலாண்டு மாணவர் தடுமாறுவது இங்கேதான். அந்த ‘இரண்டு’ என்ற எண்ணை முன்பல் தருவதில்லை. அது கன்னத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு கடைவாய்ப்பல்லிலிருந்து வருகிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிவிடலாம். ஆங்கிள் என்பது கணக்குப் பாடத்துக் கோணம் அல்ல. ஓர் ஆளின் குடும்பப் பெயர். எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள் 1855ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர், பல் மருத்துவர். பல்வரிசை திருத்துவதைத் தனித்துறையாக்கி, அதற்கென்றே 1900ல் செயின்ட் லூயிஸ் நகரில் பள்ளி தொடங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1899ல், ‘டென்டல் காஸ்மாஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்று கோலாலம்பூர் மாணவர் மனப்பாடம் செய்யும் மூன்று வகுப்புகளின் பிறப்பிடம். எந்தக் கோணத்தையும் அதில் அளப்பதில்லை.

அவருக்கு முன்பும் வகைப்பாடு இருந்தது. வியன்னாவின் கராபெல்லி 1840களில் ஆறு பெயர்கள் தந்தார். ஒவ்வொன்றும் ‘மோர்டெக்ஸ்’ என்று தொடங்கும். கடி என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பதே அவருடைய அளவுகோல். எத்துப்பல் என்று பெயர் வைத்த நம் பாட்டி பார்த்த இடத்தைத்தான் அவரும் பார்த்தார். ஆங்கிள் எடுத்துக்கொண்ட சொல் ‘ஒக்லூஷன்’. அடைத்து மூடுவது என்பது அதன் லத்தீன் மூலம். வலிப்பில் ‘பல் கிட்டிப்போச்சு’ என்கிறோமே, அந்தக் கிட்டுதலுக்கு அருகில் வரும். வாயை மூடும்போது எல்லாப் பல்லும் சேர்ந்து எப்படிப் பொருந்துகின்றன என்பது அவருடைய கேள்வியாக இருந்ததால் முன்பல் கடி மட்டும் அவருக்குப் போதவில்லை. பொருத்தம் கெட்டால் முன்னால் ‘மால்’ சேரும். அந்தச் சொல்தான் மலாய்ப் பாடநூலில் ‘மாலோக்லூசி’ ஆகியிருக்கிறது.

பொருத்தத்தைப் பார்க்க ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும். ஆங்கிள் தேர்ந்தது மேல்தாடையின் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் பெரிய பல் அது. பல தாய்மார் அதையும் பால்பல் என்றே நினைத்துச் சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். மேல்தாடை மண்டையோட்டோடு இணைந்தது, அசையாதது. ஆகவே அங்கே வேரூன்றிய இந்தப் பல்லும் அநேகமாக இடம் மாறாது என்று ஆங்கிள் நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது பல்லைக் கிட்டத்தில் பார்க்கலாம். பிளாஸ்டர் வார்ப்பில் மேல், கீழ் இரண்டையும் சேர்த்துக் கடிக்க வைத்து, கன்னப்பக்கமிருந்து நோக்குங்கள். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் கன்னப்பக்கம் இரண்டு முகடுகள் தெரியும். அவற்றில் முன்னால் இருப்பதன் பெயர் மீசியோபக்கல் கஸ்ப். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு இறங்கும். அது பக்கல் குரூவ். அந்த முகடு இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகுப்பு. இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மேல்கை விரல்முட்டி கீழ்க்கையின் இரு முட்டிகளுக்கு நடுவிலுள்ள குழியில் இறங்கும். அதுதான் முதல் வகுப்பு. கீழ்க்கையைப் பின்னுக்கு இழுத்தால் இரண்டு, முன்னுக்குத் தள்ளினால் மூன்று. நகர்வது எப்போதும் கீழ்க்கைதான் என்பதை மறக்க வேண்டாம். ஆங்கிளின் கணக்கில் மேல்பல் அளவுகோல், கீழ்ப்பல் அளக்கப்படும் பொருள்.

இந்தக் கணக்கில் தெத்துப்பல் முதல் வகுப்பிலும் வரலாம். கடைவாய் சரியாகப் பொருந்தியிருக்க, முன்னால் இடம் போதாமல் கோரைப்பல் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அது முதல் வகுப்பு மாலொக்லூஷன். ‘முதல் வகுப்பு’ என்றாலே கோளாறில்லை என்று நினைப்பவருக்கு இது வியப்பாக இருக்கும். இரண்டாம் வகுப்பை ஆங்கிள் இரண்டாகப் பிரித்தார். மேல் முன்பற்கள் வெளியே சாய்ந்து, கீழ் முன்பல்லுக்கும் அவற்றுக்கும் நடுவே வழக்கமான 2, 3 மி.மீ. இடைவெளி 7, 8 என்று விரிந்தால் பிரிவு ஒன்று; நம் எத்துப்பல் பெரும்பாலும் இங்கே அடங்கும். பிரிவு இரண்டு கண்ணை ஏமாற்றும். கடைவாய் அதே இரண்டாம் வகுப்புதான். ஆனால் நடு முன்பற்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து கீழ்ப்பற்களை மூடிவிடும். எத்து இல்லை, தூக்கல் இல்லை. வீட்டில் யாருக்கும் குறை தெரியாது. கீழ் முன்பல் மேல் ஈற்றைக் குத்திப் புண்ணாக்கிய பிறகே சிலர் வருவார்கள். இதற்குப் பொதுவழக்கில் பெயரே இல்லை. முன்பல் தூக்கலை மட்டும் பார்த்த கண் இதைத் தனியாகப் பிரிக்கவில்லை. ஆங்கிள் பார்வையைக் கன்னத்துக்குள் கொண்டுபோனதில் கிடைத்த பெரிய லாபம் இது என்பேன்.

மூன்றாம் வகுப்பில் கீழ்க் கடைவாய் முன்னால் வந்திருக்கும். கீழ் முன்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே கடிப்பதும் உண்டு. மலேசிய ஆய்வுகளில் இது இந்தியரைவிடச் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் மாணவர் இதை அடிக்கடி பார்ப்பார். நோயாளியிடம் அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. நம் அரசு மருத்துவமனை வார்டுகளிலும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு உண்டு. ‘தேர்ட் கிளாஸ்’ என்பது வசவாகவே புழங்குகிறது. ஆங்கிளின் எண்ணில் தரமும் இல்லை, தீவிரமும் இல்லை. திசை மட்டும்தான். எண்ணுக்குப் பதில் திசையையே பெயராக்கலாம் என்று லிஷர் என்பவர் 1912ல் நியூட்ரோ, டிஸ்டோ, மீசியோ என்ற முன்னொட்டுகளைத் தந்தார். நல்ல யோசனை, ஆனாலும் அட்டைகளில் வென்றது எண்தான்.

அந்த எண்ணை இன்னொரு கூட்டமும் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் பல்லார்டும் வேமனும் 1960களில் முன்பல்லைக் கொண்டே வகுப்புப் பிரித்தார்கள். அந்த முறை 1983ல் பிரிட்டிஷ் தரநிர்ணயச் சொற்பட்டியலிலும் ஏறியது. கீழ் முன்பல் விளிம்பு, மேல் நடு முன்பல்லின் உட்புறத் திட்டின் மீதோ அதற்கு நேர் கீழோ நின்றால் ஒன்று; அதற்குப் பின்னால் என்றால் இரண்டு; முன்னால் என்றால் மூன்று. கராபெல்லியின் முன்பல்லுக்கே திரும்பினார்கள், ஆனால் ஆங்கிளின் எண்களோடு. மலேசியாவின் மூத்த பல் மருத்துவர்கள் சிங்கப்பூரில் 1929ல் தொடங்கிய பள்ளியில் பிரிட்டிஷ் முறையில் படித்தவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடம் 1972ல் வந்தது. அந்த மரபில் ஒரே தாளில் ‘முன்பல் உறவு’ என்று ஒரு வரி, ‘கடைவாய் உறவு’ என்று இன்னொரு வரி, வலம் இடம் தனித்தனியாக. எந்தப் பல் என்று சொல்லாமல் ‘இரண்டாம் வகுப்பு’ என்று மட்டும் எழுதினால் அடுத்த டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

இரண்டு வரிகளும் ஒத்துப்போகாத ஒரு வார்ப்பைப் பார்ப்போம். பாடத்துக்காக அமைத்த உதாரணம்: பத்து வயதுச் சிறுமி. ஏழு வயதில் இடப்பக்க மேல் இரண்டாம் பால்கடைவாய்ப்பல் சொத்தையாகிப் பிடுங்கப்பட்டது. வலப்பக்கம் முகடு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் மேல் முகடு, கீழ்ப்பல்லின் முன்முகட்டின் தலையில் நிற்கிறது, ஏறத்தாழ 3.5 மி.மீ. முன்னால். பாதிப் பல் அளவு விலகல் என்று இதைச் சொல்வார்கள். ஆங்கிளின் வழியில் எழுதினால், ஒரு பக்கம் மட்டும் இரண்டாம் வகுப்பு என்பதால் ‘இரண்டாம் வகுப்பு, உட்பிரிவு, இடம்’. ஆனால் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தாடைகள் ஒழுங்காக உள்ளன. முன்பல் இடைவெளி 2.5 மி.மீ.; முன்பல் வகுப்பு ஒன்று. இடப்பக்கப் பால் கோரைப்பற்களும் சரியாகப் பொருந்துகின்றன.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க மேல் வார்ப்பைத் தனியாக எடுத்து மேலண்ணத்தைப் பார்க்க வேண்டும். அண்ணத்தின் நடுவில் ஓடும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு ஸ்கேலை வைத்தால் இடக் கடைவாய்ப்பல் வலதைவிட முன்னால் இருப்பது தெரியும். அது தன் உட்புற வேரை அச்சாக வைத்துச் சற்றுத் திரும்பியும் இருக்கும். கீழ் வார்ப்பில் இரு பக்கமும் சமம். ஆகப் பின்வாங்கியது கீழ்ப்பல் அல்ல. நகராது என்று ஆங்கிள் நம்பிய மேல்பல்தான் பால்பல் விட்டுப்போன இடத்துக்குள் ஊர்ந்து வந்திருக்கிறது. உண்மையான உட்பிரிவாக இருந்தால் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்தான் அந்தப் பக்கம் பின்னால் இருக்கும்; கீழ் நடுக்கோடும் அந்தப் பக்கம் சாயும். இவளுக்கு நடுக்கோடு நேராக இருக்கிறது.

இந்த வேறுபாடு சிகிச்சையை மாற்றுகிறது. பிடுங்கிய பால்பல்லின் அகலம் சுமார் 9 மி.மீ.; மூன்றரை போக மிஞ்சியது ஐந்தரை. அங்கே முளைக்க வேண்டிய இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாக இடம் வேண்டும். விட்டால் அது அண்ணப்பக்கம் பிதுங்கும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கும். கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் கருவி இவளுக்கு வேண்டாம். ஊர்ந்து வந்த பல்லின் திருகலை நிமிர்த்திப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டாம் நிரந்தரக் கடைவாய்ப்பல் பன்னிரண்டு வயதளவில் முளைத்துவிட்டால் தள்ளுவது கடினமாகும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பாதி அளவு விலகி, பால்கடைவாய்ப்பற்களும் இருந்திருந்தால் கதை வேறு: கீழ்ப் பால்பற்கள் விழும்போது கீழ்க் கடைவாய் கொஞ்சம் முன்னே வந்து தானாகச் சரியாகலாம் என்பதால் பொறுத்துப் பார்ப்பார்கள்.

அவளுடைய தாளில் எழுத வேண்டியது இது. முன்பல் உறவு: ஒன்று. கடைவாய் உறவு: வலம் ஒன்று, இடம் பாதி அளவு இரண்டு, பால்பல் முன்கூட்டியே போனதால் 26 முன்னே நகர்ந்தது. தாடை உறவு: ஒன்று.