மையடித்த பக்கங்களில் மிஞ்சுவது என்ன?



கீரமங்கலத்தில் கூடியிருக்கும் நாம், நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த காகிதங்களிலிருந்தே நம் வரலாற்றைப் பெரும்பாலும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடு, காவல்நிலையக் குறிப்பு, விசாரணைக்குழு அறிக்கை ஆகியவையே நமக்கு ஏடுகள். இன்று அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கினால், சில வரிகள்மேல் கறுப்பு மை பூசப்பட்டோ சில தாள்கள் உருவப்பட்டோ வருகின்றன. அப்போது இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். சிலர் மைக்கு அடியில் இருப்பதெல்லாம் குற்றமே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிலர் இதில் ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆவணத்தைப் படிக்காமல் விடுவதுதான். மிஞ்சியதிலிருந்து எவ்வளவு தூரம் நியாயமாகப் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் மையைப் பூசிய கையைப் பார்ப்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, தன் 10ஆம் பிரிவில் ஆவணத்தின் ஒரு பகுதியை மறைத்து மீதியைத் தர இடமளிக்கிறது. ஆனால் சும்மா மறைத்துவிட முடியாது. ஒரு பகுதிதான் தரப்படுகிறது என்பதையும், ஏன் மறைக்கப்பட்டது என்பதையும், அந்த முடிவை எடுத்தவரின் பெயரையும் பதவியையும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியையும் எழுத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் மறைக்கப்பட்ட பக்கத்தைவிட முக்கியமானது. 8(1)(எச்) என்று காரணம் எழுதியிருந்தால், விசாரணையோ வழக்கோ தடைப்படும் என்று அலுவலகம் சொல்கிறது. வழக்கு முடிந்து ஆண்டுகள் ஆகியிருந்தால் அந்தக் காரணம் நிற்காது. 8(1)(ஜே) என்றால் அங்கே ஒரு தனிமனிதரின் விவரம் இருக்கிறது என்று பொருள். காரணமே எழுதாமல் மை மட்டும் பூசி அனுப்பினால், அலுவலகம் சட்டத்தை மீறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மறைத்த வரியில் என்ன இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அண்மை வரலாற்றில் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய 2017இல் கேரள அரசு ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2019 டிசம்பர் இறுதியில் குழு அறிக்கை கொடுத்தது. நாலரை ஆண்டுக்கும் மேலாக அது வெளிவரவில்லை. பத்திரிகையாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் போராடிய பிறகு, 2024 ஜூலையில் மாநிலத் தகவல் ஆணையம் அதை வெளியிட உத்தரவிட்டது. சாட்சி சொன்ன பெண்கள் அடையாளம் காணப்படக் கூடாது என்பதால், 49ஆம் பக்கத்தின் 96ஆம் பத்தியையும், 81 முதல் 100 வரையான பக்கங்களில் உள்ள 165 முதல் 196 வரையான பத்திகளையும் வெளியிட வேண்டாம் என்றது. அந்தரங்கத்தைக் கெடுக்கும் வேறு பகுதிகள் இருந்தால் அவற்றை நீக்கவும் அலுவலருக்கு இடம் கொடுத்தது. 2024 ஆகஸ்ட் 19 அன்று அறிக்கை வெளிவந்தது.

அதைப் படித்தவர்கள் முதலில் செய்தது எண்ணிப் பார்த்ததுதான். 96ஆம் பத்தி ஒன்று, 165 முதல் 196 வரை முப்பத்திரண்டு, ஆக முப்பத்துமூன்று. ஆனால் கைக்கு வந்த படியில் 97 முதல் 107 வரையான பதினொரு பத்திகளும் இல்லை. எழுத்தை எடுத்தவர்களால் எண்ணை மாற்ற முடியவில்லை. அந்த எண்களே சாட்சியாயின.

இதிலிருந்து நியாயமாகச் சொல்லக்கூடியது என்ன? ஆணையம் பெயர் குறித்துச் சொன்னதைவிடக் கூடுதலாக நீக்கப்பட்டிருக்கிறது. இது எவராலும் மறுக்க முடியாத முடிவு, ஏனென்றால் உத்தரவும் வெளியான படியும் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. அந்தப் பத்திகள் பாலியல் தொல்லை பற்றிய பகுதியைத் தொடர்ந்து வருவதால், அவையும் அதைப் பற்றியே பேசியிருக்கலாம். இதை ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘பெரிய நடிகர் ஒருவரைக் காப்பாற்றத்தான் நீக்கினார்கள்’ என்பதோ மூன்றாவது படி. அதற்கு அந்தக் காகிதத்தில் ஆதாரம் கிடையாது. சாட்சி சொன்ன பெண்ணையும் குற்றம் செய்த ஆணையும் ஒரே மை மறைக்கும். எதை மறைக்க அது பூசப்பட்டது என்பதை மையின் நீளம் சொல்லாது.

அன்று பலர் மூன்றாவது படிக்குத் தாவினார்கள். அறிக்கை பேசும் அதிகாரக் குழுவில் யார் யார் என்று பெயர்கள் ஊகிக்கப்பட்டன. ஊகிக்கப்பட்ட ஆண்களோடு, யார் அந்த சாட்சி என்று பெண்களும் தேடப்பட்டார்கள். முழு அறிக்கையைக் கேரள உயர்நீதிமன்றம் கேட்டு வாங்கியது, சிறப்பு விசாரணைக் குழு வழக்குகள் பதிந்தது. ஆனால் குழுவிடம் பேசிய பெண்கள் பலர் காவல்துறையிடம் வாக்குமூலம் தர முன்வராததால், 2025இல் அவை கைவிடப்பட்டன. ரகசியம் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் முதலில் வாய் திறந்தார்கள். பலவீனமானவரைக் காக்கும் மையும் உண்டு. அதைச் சுரண்டுவது நம் வேலையல்ல.

அப்படியென்றால் மறைத்த பெயரை ஊகிக்கவே கூடாதா? ஊகிக்கலாம், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஆதாரம் வேண்டும். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர்கள் யாரிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்களோ, அந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1968 மார்ச் 4 அன்று எஃப்.பி.ஐ. தன் கிளைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய ஒரு மீட்பர் எழுவதைத் தடுக்க வேண்டும் என்று எழுதியது. பின்னாளில் வெளிவந்த படியில் பெயர்களுக்கு மை பூசப்பட்டிருந்தது, சுற்றியிருந்த சொற்கள் மிஞ்சியிருந்தன.

ஒருவர் மீட்பராகியிருக்கக்கூடியவர், இன்று இயக்கத்தின் தியாகி என்றது அது. 1965இல் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸ் தவிர வேறு யாரும் அங்கே பொருந்தவில்லை. இன்னொருவர் வயதானவர் என்பதால் ஆபத்து குறைவு என்றது. அப்போது எழுபது வயதான எலைஜா முகமது பொருந்துகிறார். வேறொருவர் அகிம்சையைக் கைவிட்டால் வலுவான போட்டியாளர் ஆவார் என்றது. மார்ட்டின் லூதர் கிங்கைத் தவிர யாராக இருக்க முடியும்? நான்காமவருக்கு மக்களை ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்று மட்டுமே இருந்தது. அது ஸ்டோக்லி கார்மைக்கேல் என்று கொள்ளலாம், ஆனால் இந்த ஊகம் முதல் மூன்றைப் போல உறுதியானதல்ல, ஏனென்றால் அந்தக் குறிப்பு பலருக்கும் பொருந்தும். 1976இல் செனட் சபையின் விசாரணைக் குழு அறிக்கையில் கிங் பற்றிய வரி பெயரோடு அச்சானது. ஊகம் அங்கே ஆவணமாயிற்று.

இதே காகிதத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. சுற்றறிக்கை போன சரியாக ஒரு மாதத்தில், 1968 ஏப்ரல் 4 அன்று, கிங் கொல்லப்பட்டார். இரண்டு தேதிகளையும் சேர்த்தால் ஒரு கதை தானாகவே உருவாகிவிடும். காகிதம் சொல்வது, அவர் தலைவராக எழுவதை அரசு தடுக்க நினைத்தது என்பதுதான். அதுவே போதுமான குற்றச்சாட்டு. கொலையை அதன்மேல் ஏற்ற அந்தக் காகிதம் தாங்காது. ஏற்றினால் அது நிரூபித்ததையும் சேர்த்து எதிராளி தள்ளிவிடுவான்.

இனி நம் ஊர்க் காகிதத்துக்கு வருவோம். நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் கைமாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் நகலைக் கேட்கிறோம். விற்றவர், வாங்கியவர் பெயர்களுக்கு மை பூசி, தனிநபர் தகவல் என்று காரணம் எழுதி வருகிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, அதிலிருந்த பொதுநலன் விதிவிலக்கை எடுத்துவிட்டது. எனவே இந்த மை இனி அதிகமாகவே வரும். ஆனாலும் மறைப்பதால் வரும் நன்மையைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டை அதன்மேல் நிறுத்த வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

அதற்குள் மிஞ்சியதைப் படிப்போம். சர்வே எண், பரப்பு, ஒப்படை ஆணையின் எண், தேதி ஆகியவற்றை மறைத்திருக்கமாட்டார்கள். சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுத்தால், பதிவான விற்பனை எல்லாம் பெயரோடு வரும். ஒரு அலுவலகம் மறைத்ததை இன்னொரு அலுவலகம் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. அடுத்து தேதிகளை ஒப்பிட வேண்டும். பஞ்சமி நில நிபந்தனைப்படி முதல் பத்தாண்டுகள் யாருக்குமே விற்கக் கூடாது. பத்தாண்டுக்குள் விற்பனை நடந்திருந்தால், வாங்கியவர் பெயர் தெரியாமலேயே நிபந்தனை மீறப்பட்டது உறுதி.

பத்தாண்டு கழித்து விற்பனை நடந்திருந்தால், வாங்கியவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரா என்பதே கேள்வி. இங்கே நிற்க வேண்டும். பெயரைப் பார்த்துச் சாதியைச் சொல்வது ஆதாரமல்ல. நம்மீது காலங்காலமாகச் செய்யப்பட்டதும் அதுதான். வருவாய்த்துறை விசாரணையும் சாதிச் சான்றும்தான் அதைத் தீர்மானிக்க முடியும். இன்னொன்றும் உண்டு. பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த 1892 ஆணை சென்னை மாகாணத்துக்கு உரியது. அன்று புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் தனிச் சமஸ்தானம், 1948இல்தான் இந்தியாவோடு இணைந்தது. ஆகவே இம்மாவட்டத்தில் ஒரு நிலத்தைப் பஞ்சமி என்று சொல்லுமுன், அந்த ஊர் அப்போது எந்த ஆட்சியில் இருந்தது, ஒப்படை எந்த ஆணையின்படி நடந்தது, அதில் எத்தனை ஆண்டு நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேறு ஆணையின்கீழ் வந்த நிபந்தனைப் பட்டாவும் நம் உரிமைதான். ஆனால் தவறான பெயரில் மனுப் போட்டால், அந்த ஒரு சொல்லை வைத்தே கோப்பை மூடிவிடுவார்கள்.

எனவே மையடித்த பக்கம் கைக்கு வந்தால், அருகில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மூன்று பத்தி பிரிப்போம். காகிதமே சொல்வது ஒன்று. வேறொரு காகிதத்தோடு சேர்த்தால் உறுதியாவது இரண்டு. நாம் நினைப்பது மூன்று. மனுவில் முதலிரண்டு மட்டும் போகட்டும். மூன்றாவது பத்தி நம் பெட்டியில் இருக்கட்டும், இன்னொரு ஆவணம் கிடைக்கும் நாள் வரை.