ஆய்விதழ்க் கழகக் கூட்டக் குறிப்பு

ஒரு நோயாளியின் சிகிச்சையையும் அதனோடு தொடர்புடைய ஆய்வுக் கட்டுரையையும் மருத்துவர்கள் சேர்த்து விவாதித்தபின், பேசியவர்களின் வரிசையை விடுத்து, கேள்வி, சான்று, விமர்சனம், செயல்முடிவு என்னும் ஒழுங்கில் எழுதப்படும் பதிவே ஆய்விதழ்க் கழகக் கூட்டக் குறிப்பாகும். தீவிர சிகிச்சையில் இன்சுலின் குறித்த விவாதத்துக்கு 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு எடுக்கப்பட்டால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 81–108 மில்லிகிராம் என்ற இறுக்கமான இலக்குடையோரில் 27.5 விழுக்காட்டினரும், 180 வரை அனுமதிக்கப்பட்டோரில் 24.9 விழுக்காட்டினரும் 90 நாள்களுக்குள் இறந்தனர் என்பது சான்றாகும். எவர் எக்குழு என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது என்னும் விமர்சனத்தோடு, இறப்பைக் கணக்கிடுவதில் அது பிழை உண்டாக்காது என்ற மதிப்பீடும் பதியப்பட வேண்டும். ‘சர்க்கரையைக் கவனிக்கவும்’ என்பது செயல்முடிவாகாது. ‘இலக்கை மாற்றும் நெறிமுறை வரைவைப் பிரிவின் மூத்த மருத்துவர் அடுத்த கூட்டத்துக்குள் அளிப்பார்’ என்பதில்தான் ஆள், பணி, காலம் ஆகிய மூன்றும் அமைகின்றன.