66 எங்கே போச்சு? திருவண்ணாமலைச் சாலைக் கற்களை வாசிப்பது எப்படி

சில வருஷம் முன்னாடி சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ராத்திரியில் கார் ஓட்டி வந்தேன். வழி சொன்ன உறவினர், வயசானவர், "திண்டிவனத்துல 66-ஐப் பிடிச்சா நேரா ஊர்தான்" என்றார். நானும் திண்டிவனத்தில் 66 என்ற எண்ணைத் தேடினேன். அப்படி ஒரு பலகையே இல்லை. தேடிக்கொண்டே மேம்பாலத்தில் ஏறி இறங்கி விழுப்புரம் சாலையில் போய்விட்டேன். கூடுதலாக 30 கிலோமீட்டருக்கு மேல் சுற்றல். அவர் சொன்னது பொய்யில்லை, பழசு. அந்த 66 எங்கே போச்சு என்று தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பு உருவானது.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலைக்குப் பல ஆண்டுகள் என்.எச். 66 என்றுதான் பெயர். வேலூர், போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம் சாலை என்.எச். 234. 2010-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாடு முழுக்க எண்களை மாற்றியது. திண்டிவனம் - கிருஷ்ணகிரி சாலை 77 ஆனது. வேலூரிலிருந்து நம்ம ஊர் வழியாக விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி போகும் சாலை 38 ஆனது. 66 என்ற எண்ணோ மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டது. மும்பைப் பக்கத்துப் பன்வேலிலிருந்து மங்களூர், கொச்சி வழியாகக் கன்னியாகுமரி வரும் சாலைதான் இன்றைய 66.

பழைய எண்களைப் பார்த்தால் சாலை எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியாது. புதியவற்றில் அது முடியும். வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண். இரட்டைப்படை எண்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகப்போகக் கூடும். கொல்கத்தா - சென்னைச் சாலை 16, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் காஷ்மீர் - கன்னியாகுமரிச் சாலை 44, மேற்குக் கடற்கரைச் சாலை 66. ஒற்றைப்படை எண்கள் வடக்கிலிருந்து தெற்கே கூடும். நம்ம 77-க்குத் தெற்கே சேலம் - உளுந்தூர்பேட்டைச் சாலை 79. அதற்கும் தெற்கே கோவை - திருச்சி - சிதம்பரம் சாலை 81. ராமேஸ்வரத்துக்கு வந்தால் 87. மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். 132 என்பது 32-இன் கிளை.

இப்போ அந்த ராத்திரிக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்து வரும் 32, திண்டிவனத்தில் இடது பக்கம் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. நேரே விழுப்புரம் போவது 132. வலது பக்கம் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போவது 77. திருவண்ணாமலை மேற்கே இருக்கிறது, ஆகவே நமக்கு ஒற்றைப்படை எண் வேண்டும். இந்த விதி தெரிந்திருந்தால் 66-ஐயோ 132-ஐயோ தேடியிருக்க மாட்டேன்.

எண் தெரிந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கு வழிச் சாலையில் வலது பக்கத்து ஊருக்குப் போக, பெரும்பாலும் இடது பக்கம்தான் இறங்க வேண்டும். இடதுபக்க சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் வந்து, அதன்பிறகு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் போகணும் என்று வலது லேனிலேயே போகிறவர் பாலத்தில் ஏறிவிடுவார். பச்சைப் பலகைகள் இதற்காகத்தான் வரிசையாக வருகின்றன. சந்திப்புக்கு முன்னாலேயே வருவது முன்னறிவிப்புப் பலகை, லேன் மாற வேண்டிய இடம் அதுதான். சந்திப்பிலேயே இருக்கும் பலகை எங்கே திரும்புவது என்று காட்டும். சந்திப்பைத் தாண்டியதும் வருவது ஊர்ப்பெயரும் தூரமும் மட்டும் உள்ள பலகை, நீங்கள் வந்த வழி சரியா என்று சொல்வது. பலரும் இரண்டாவதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். அப்போ நேரம் கடந்திருக்கும்.

நீலப் பலகையை வழிக்காகப் பார்க்க வேண்டாம். நம்ம தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் நீலம் என்றால் பெட்ரோல் பங்க், மருத்துவமனை, சாப்பாடு, கழிப்பறை. அணுகல் கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலைகளுக்கு மட்டும் விதிப்படி வழிகாட்டிப் பலகையே நீலம்.

மூன்றாவது பலகையைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கல் கைகொடுக்கும். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. செஞ்சி சாலை என்று நினைத்துப் போகும்போது கல்லில் 77-க்குப் பதில் 132 இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தடுத்த இரண்டு கல்லில் போகும் ஊரின் தூரம் ஒன்று குறைய வேண்டும், கூடினால் திசை தலைகீழ். ஊர்த் தூரம் தவிர, சாலை தொடங்கிய இடத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டரும் கல்லில் இருக்கும். வண்டி நின்றுபோய் 1033-ஐக் கூப்பிட்டால் சாலை எண்ணோடு அதையும் சொல்லுங்கள். "செஞ்சி தாண்டி ஒரு புளியமரம்" என்பதைவிட அது உதவும்.

இதே 77-இன் கற்கள் ஒருமுறை செய்தியாயின. 2017 மார்ச் கடைசியில், 75, 77 சாலைகளின் கற்களில் ஆங்கிலப் பெயர் இருந்த இடத்தில் இந்தி வந்திருப்பது தெரிந்து, ஸ்டாலின், வைகோ உள்ளிட்டோர் கண்டித்தார்கள். அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். வாசிக்கிறவன் கோணத்தில் பார்த்தால், எழுத்து தெரியாதவனுக்கு அந்தக் கல் பாதி ஊமை. அப்போதும் மாறாமல் நின்றது எண்தான். அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவே ஒன்றிய அரசுப் பணிகளுக்குச் சர்வதேச வடிவ எண்களைத்தான் சொல்கிறது.

இந்தச் சிக்கலை நம்ம பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் முன்பே யோசித்திருக்கிறார். தருமபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவல்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று சொல்லும் கல்லில், எழுத்தோடு சேர்த்துக் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரர் இருட்டில் விரலால் தடவிக்கூட எண்ணியிருக்கலாம்.

எக்ஸிட் எண்ணும் அதே வேலையைச் செய்வதுதான், நம்ம 77-இல் அது இல்லை. 158 கிலோமீட்டர் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் பார்க்கலாம். அங்கே இறங்கும் இடங்களுக்கு வரிசை எண். பின்னாளில் நர்சிங்கியில் புதிதாக ஒன்று திறந்தபோது, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் 18ஏ என்று செருகினார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகின தலைவலி. வரிசை எண் தூரத்தைச் சொல்லாது, 18-க்கும் 19-க்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மைல் கணக்கையே எக்ஸிட் எண்ணாக வைப்பது அதனால்தான். நம்ம கிலோமீட்டர் கல்லின் எண் அந்த வகை.

இப்போ யாராவது என்னிடம் வழி கேட்டால், "திண்டிவனத்துல இடது பக்கம் இறங்கி, 77, செஞ்சி" என்று மட்டும் சொல்கிறேன். இறங்கியபின் முதல் மஞ்சள் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வேகம் எடுக்கச் சொல்கிறேன்.